அப்பாவுக்கு அளவு எடுத்த கடிதம்

முதலில் வந்தது வாட்ஸ்அப்பில் சில வரிகள்தான். "சார், எங்க அப்பாவுக்கு அடுத்த மாசம் அறுபது முடியுது. அவரை கார்ட்டூன் மாதிரி வரைஞ்சு ஃபிரேம் போட்டுத் தரணும். அப்பா டெய்லர். வழுக்கை, பெரிய மூக்கு, வெள்ளை மீசை, கண்ணாடி போட்டிருப்பார். சிரிச்ச முகம். போட்டோ அனுப்பியிருக்கேன்." கூடவே மூன்று படங்கள். ஒன்று ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. இன்னொன்று யாருடைய கல்யாணத்திலோ மேடையில் பதினோரு பேரோடு நின்றது. மூன்றாவது, பேத்தி கையில் போனைப் பிடித்துக்கொண்டு தாத்தாவோடு எடுத்த செல்ஃபி.

பிறந்தநாள், மணிவிழா, பணி ஓய்வு என்று வருஷம் முழுக்க இப்படிக் கேட்டு வருவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் மகள்கள். வார்த்தைகளும் ஏறக்குறைய ஒன்றேதான்: வழுக்கை, மூக்கு, மீசை, கண்ணாடி, சிரிச்ச முகம். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் மட்டும் எட்டு பேரை வரைந்துவிடலாம். அனுபவம் இருந்தும் அன்று ஏதோ அவசரத்தில் அந்த ஐந்தையே நம்பி வரைந்தேன். வழுக்கைத் தலை, அதைவிடப் பெரிதாக ஒரு மூக்கு, அதன் நுனியில் கண்ணாடி, கீழே பஞ்சு மீசை, கழுத்தில் டேப். பென்சிலில் போட்ட முதல் வரைவை அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. "நல்லா இருக்கு சார். ஆனா அம்மா பார்த்துட்டு, 'இது யாருடி, உங்க பெரியப்பாவா?'ன்னு கேக்குறாங்க."

பெரியப்பா என்று சொன்னதைக் கவனித்தேன். ஆளைத் தவறவிட்டிருக்கிறேன், குடும்பத்தைப் பிடித்திருக்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருப்பதெல்லாம் படத்தில் வந்துவிட்டது. தம்பிக்கு மட்டும் என்று இருப்பது வரவில்லை.

தப்பு மகளுடையது அல்ல. முகத்தை வார்த்தையில் சொல்வது யாருக்கும் சிரமம். தினமும் பார்க்கும் முகம் என்றால் இன்னும் சிரமம். நம் பள்ளிச் சான்றிதழ்களில் அங்க அடையாளம் என்று இரண்டு எழுதுவார்களே, வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று. ஆளை முன்னால் நிறுத்திச் சரிபார்க்க அது உதவும். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ஒரு கூட்டத்தில் அந்த ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் முடியாது. பாரிஸ் போலீசில் இருந்த பெர்ட்டியோன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதற்காகவே ஒரு முறையை உண்டாக்கினார். நெற்றி, மூக்கு, காது ஒவ்வொன்றுக்கும் வகை பிரித்து, வகைக்கு ஒரு சொல் வைத்து, முகத்தைச் சொல்லாலேயே அடுத்த ஊர்க் காவலருக்குத் தெரிவிக்கப் பார்த்தார். அதற்குப் போலீஸ்காரர்கள் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பேச்சுமொழியில் முகத்துக்கு அவ்வளவு சொற்கள் கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1990இல் அமெரிக்காவில் ஸ்கூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு சோதனை செய்தார்கள். வங்கிக் கொள்ளைக் காட்சி ஒன்றை ஆட்களுக்குக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் கொள்ளைக்காரனின் முகத்தை விவரமாக எழுதச் சொன்னார்கள், மீதிப் பேருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பிறகு பல முகங்களைக் காட்டி அவனை அடையாளம் காட்டச் சொன்னபோது, உட்கார்ந்து எழுதியவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். முகத்தை நாம் முழுசாகப் பார்த்து வைத்திருக்கிறோம். எழுதும்போது துண்டு துண்டாக வெட்டுகிறோம். வெட்டிய துண்டுகள் முழு முகத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 'பெரிய மூக்கு' என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு அப்பாவைப் பார்க்கும்போதும் மூக்குதான் தெரியும்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு, இனி முகத்தை வர்ணிக்க வேண்டாம் என்றேன். மூன்றே கேள்விகள் கேட்டேன். சராசரி ஆம்பிளை முகத்திலிருந்து அப்பா முகம் எங்கே விலகுகிறது? நூறடி தூரத்தில் முகம் தெரியாமல் அப்பா நடந்து வந்தால் அவர்தான் என்று எதை வைத்துச் சொல்வாய்? அவர் ஊசியும் கையுமாக இருக்கும்போது முகத்தில் என்ன ஆகிறது? முதல் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. "சராசரின்னா யாரு சார்?" என்றாள்.

அதுதான் இந்தத் தொழிலின் மையமான கேள்வி. கேரிகேச்சர் என்ற சொல் இத்தாலிய மொழியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளுள்ள ஒரு சொல்லிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பொலோனியா நகரத்து கராச்சி சகோதரர்கள் விளையாட்டாக இப்படி முகங்கள் வரைந்தார்கள். எதன் மேல் பாரம் ஏற்றுவது என்பதுதான் சிக்கல். கண்ணில் படும் உறுப்பை எல்லாம் பெரிதாக்கினால் பூதம்தான் வரும். ஓவியன் மனதில் பொதுவான முகம் ஒன்று இருக்கும். அதில் கண்கள் தலை உயரத்தின் சரிபாதியில் இருக்கும். வரையத் தெரியாதவர்கள் எல்லோரும் கண்ணை மேலே தள்ளி, நெற்றியைக் குறைத்துவிடுவார்கள். முகத்தின் அகலத்தில் ஐந்து கண் வைக்கலாம். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் இடைவெளி. புருவத்திலிருந்து மூக்கடி வரை எவ்வளவோ, மூக்கடியிலிருந்து தாடை வரை கிட்டத்தட்ட அவ்வளவு. அந்தக் கீழ்ப்பகுதியை மூன்றாக வகுத்தால் மேலிருந்து முதல் பங்கு முடியும் இடத்தில் வாய்க்கோடு. இப்படியே இருக்கும் மனிதர் யாரும் இல்லை. இதிலிருந்து ஒருவர் எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்பதில்தான் அவர் இருக்கிறார். பாரம் ஏற வேண்டியது உறுப்பின் மேல் அல்ல, அந்த விலகலின் மேல்.

போனில் இதை இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. சொன்ன மட்டில் அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அளவு நோட்டு மாதிரியா சார்?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எங்க அப்பா நோட்டுல மார்பு 38, தோள் 17ன்னு எழுதிட்டு, பக்கத்துல 'வலது தோள் இறக்கம்', 'முதுகு கூன் அரை இஞ்ச்'ன்னு எழுதி வைப்பார். 38ஐ வச்சு யாருக்கு வேணும்னாலும் வெட்டிரலாம், பக்கத்துல எழுதுனதுதான் அந்த ஆளு சட்டைன்னு சொல்வார்."

இருபது வருஷமாக மாணவர்களுக்கு நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்த பாடம் இது. ஒரு டெய்லர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான்காம் நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அளவு நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. ஊர், பேர் எல்லாம் விட்டுவிட்டு, அவளுடைய அனுமதியோடு முக்கியமான பகுதியைத் தருகிறேன்.

"சார், அப்பா மத்தியானம் கடை பெஞ்சில் படுத்துத் தூங்கும்போது டேப் வைத்து அளந்தேன். ஒரு தடவை முழித்துக்கொண்டார். 'என்ன பாப்பா'ன்னார், ஈ ஓட்டுறேன்னு சொல்லிவிட்டேன். புருவத்திலிருந்து மூக்கடி இரண்டரை இஞ்ச். மூக்கடியிலிருந்து தாடை இரண்டே முக்கால். நீங்க சொன்ன கணக்குப்படி வாய் ஏழு நூலில் வரணும். அப்பாவுக்கு ஒன்பது நூலில் வருகிறது. மீசை வைக்கத் தோதான இடம்னு அம்மா சொல்லுவாங்க, இப்போதான் அர்த்தம் தெரிந்தது. மூக்கு பெரிசுன்னு எழுதினது தப்பு. என் வீட்டுக்காரருக்கும் அளந்து பார்த்தேன், இரண்டு பேருக்கும் ஒரே மூக்குதான். அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு அதுக்கு மேல் வழியாகப் பார்ப்பார். அதனால் மூக்கு நீளமாகத் தெரிகிறது.

"அப்பா குண்டூசியை வாயின் வலது ஓரத்தில் கவ்வி வைத்துக்கொண்டே பேசுவார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். இப்போ ஊசி இல்லாதபோதும் வலது ஓரம் மூடியேதான் இருக்கும், இடது பக்கத்தால்தான் பேசுவார், சிரிப்பும் இடது பக்கம்தான். கல்யாண வீட்டு போட்டோவில் தெரியாது, போட்டோகிராபர் சிரிங்கன்னு சொன்னதால் நேராகச் சிரித்திருக்கிறார். அது அப்பா சிரிப்பு இல்லை.

"இடது புருவம் கொஞ்சம் தூக்கி இருக்கும். நூல் கோக்கும்போது வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்ப்பார். அந்தப் புருவம் அப்படியே நின்றுவிட்டது.

"புதுசா ஒருத்தர் கடைக்கு வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் தோளைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையையும் அப்படித்தான் பார்த்தார். நூறடி தூரத்தில் எப்படித் தெரியும்னு கேட்டீங்க. தலை முதலில் வரும், உடம்பு பின்னால் வரும்.

"வலது கை நடுவிரல் நகம் பாதி கறுப்பு. மிஷின் ஊசி ஏறியது, எனக்கு அப்போ நாலு வயசு. அதைக் கட்டாயம் போடுங்க. மேல் பல் ஒன்று போய்விட்டது, அதைப் போட வேண்டாம். அவருக்கு அது வருத்தம். நிறத்தை மாற்ற வேண்டாம் சார். போன தடவை ஸ்டூடியோவில் அப்பாவை வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னு கேட்டாங்க."

கடைசியில் ஒரு குறிப்பு: "செல்ஃபியைப் பார்த்து வரையாதீங்க. அதில் அப்பா சட்டைப் பை வலது பக்கம் இருக்கு. அப்பா அப்படித் தைக்க மாட்டார்."

'நூல்' என்பதைத் தெரியாதவர்களுக்காக: தச்சர், கொத்தனார், டெய்லர் எல்லோரும் இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். ஏழு நூலில் இருக்க வேண்டிய வாய் ஒன்பது நூலில் இருக்கிறது. இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். அந்தக் கால் இஞ்சை நான் படத்தில் பிடிக்கவில்லை. பஞ்சு மீசையால் மூடிவிட்டு, அவரிடம் இல்லாத மூக்கை வளர்த்திருந்தேன். அண்ணனுக்கு ஒருவேளை மூக்குதான் பெரிதோ என்னவோ.

செல்ஃபி விஷயத்தில் அவள் சொன்னது பெரிய உபகாரம். பல போன்களில் முன்பக்கக் கேமரா எடுக்கும் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கும். முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சட்டைப் பை, கைக்கடிகாரம், பின்னால் இருக்கும் எழுத்து இவைதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் முகமாக இருந்தால் பரவாயில்லை. இவரோ இடது பக்கத்தால் சிரிக்கிற மனிதர். செல்ஃபியை நம்பி முதல் வரைவில் வாயை வலது பக்கம் திறந்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆள் மாறித் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். செல்ஃபியில் இன்னொரு வம்பும் உண்டு. கை நீளத்தில் கேமரா இருப்பதால் அதற்கு மிக அருகில் இருக்கும் மூக்கு ஊதித் தெரியும், காதுகள் பின்வாங்கும். மூக்கு பெரிது என்று குடும்பமே நம்பியதில் பேத்தியின் போனுக்கும் பங்கு இருக்கலாம்.

ஆகவே வேறு படம் கேட்டேன். ஆறடி தள்ளி நின்று, போனை அவர் கண் உயரத்துக்குப் பிடித்து, பின்பக்கக் கேமராவில் ஒன்று நேராக, ஒன்று முக்கால் பக்கமாக. வெளிச்சம் ஜன்னலிலிருந்து ஒரு பக்கமாக வர வேண்டும். நடுவில் டியூப்லைட் எரிந்தால் முகம் தட்டையாகிவிடும். இவற்றைவிட முக்கியம், அவர் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் எடுத்த அரை நிமிட வீடியோ. அதைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்ததில் கடிதத்தில் இருந்த ஒவ்வொன்றும் இருந்தது. இடது ஓரத்துச் சிரிப்பு பதினேழாவது விநாடியில்.

கடிதம் வந்த பிறகு வரைவது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். கடிதத்துக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருந்தது. கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கும் மனிதரின் தலை குனிந்திருக்கும். தலை குனிந்தால் மூக்கு நீண்டு தெரியும், அதன் கீழே மேலுதடு சுருங்கி மறையும். அதாவது அவருடைய மிகவும் பழக்கப்பட்ட பாவனையைப் போட்டால், அவருடைய மிக முக்கியமான கால் இஞ்ச் காணாமல் போகும். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு "தலை முதலில் வரும், உடம்பு பின்னால் வரும்" என்ற வரியை மறுபடி படித்தேன். அதில் விடை இருந்தது. தலையைக் குனிய வைக்காமல் கழுத்தை முன்னால் நீட்டி, முகத்தை லேசாக மட்டும் தாழ்த்தி, கண்ணாடியை வழக்கத்தைவிட இன்னும் ஒரு படி கீழே இறக்கினேன். இப்போது கண்கள் கண்ணாடிக்கு மேலே வந்துவிட்டன, மேலுதடும் முழுசாகத் தெரிந்தது.

அந்த இடைவெளியை எவ்வளவு இழுப்பது? 1987இல் ரோட்ஸ், பிரென்னன், கேரி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிரென்னன் அதற்கு முன்பே, ஒரு முகத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் வேண்டிய அளவு பெருக்கும் கணினி நிரலை எழுதியிருந்தார். அதைக் கொண்டு தெரிந்தவர்களின் கோட்டுப் படங்களைப் பலவித மிகையில் வரைந்து காட்டினார்கள். மிகைப்படுத்திய படங்களை ஆட்கள் அசலான கோட்டுப் படத்தைவிட வேகமாக அடையாளம் கண்டார்கள். 'இதுதான் அவர் மாதிரியே இருக்கிறது' என்று அவர்கள் கருதியதும் அசலை அல்ல. வித்தியாசத்தைச் சுமார் 16 சதவீதம் கூட்டிய படம்தான் அவர்கள் கணக்கில் மிகப் பொருத்தம். நம் டெய்லருக்கு வித்தியாசம் இரண்டு நூல். அதில் 16 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு நூல்கூட வராது. பென்சில் கோட்டின் தடிப்பே அவ்வளவு இருக்கும். அவ்வளவு சின்ன மிகை உருவப்படத்துக்கு உதவும். கார்ட்டூன் என்று கேட்டவருக்குச் சிரிப்பு வர வேண்டும். நான் வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினேன். ஒன்பது நூல் பதினொன்று ஆனது. அந்த இரண்டு நூலைத் தாடையிலிருந்து எடுத்தேன். ஒரு இடத்தில் பாரம் ஏற்றினால் பக்கத்து இடத்தில் இறக்க வேண்டும். இல்லையென்றால் முகம் மொத்தமும் நீண்டு குதிரை முகமாகிவிடும். மூக்கு அவருடைய மாப்பிள்ளையின் மூக்களவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புருவத்தில் நிறைய நேரம் செலவானது. புருவம் ஒரு துணைப் பாத்திரம் என்றுதான் நாம் நினைப்போம். 2003இல் வந்த ஓர் ஆய்வில் பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களை நீக்கியும் ஒருமுறை புருவங்களை நீக்கியும் காட்டினார்கள். புருவம் இல்லாத முகங்களைத்தான் ஆட்களால் அதிகம் அடையாளம் காண முடியவில்லை. நம் டெய்லருக்குக் கறுத்த முகம், நரைத்த புருவம், நரைத்த மீசை. அந்த ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுத்தபோது வெள்ளைப் புருவம் வெள்ளைத் தோலில் கரைந்துபோயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று கேட்டதில் ஆச்சரியமில்லை. நான் தோலுக்குப் பழுப்பும் நீலமும் கலந்த அடர்த்தியான நிறத்தைக் கொடுத்து, புருவத்துக்கும் மீசைக்கும் சாயமே பூசாமல் தாளின் வெள்ளையை அப்படியே விட்டேன். இடது புருவத்தை நெற்றியின் பாதி வரை ஏற்றினேன். வழுக்கையாதலால் அது ஏறுவதற்கு இடம் நிறைய.

உடம்பு சின்னதாகத்தான் இருக்கும். நிஜத்தில் மனிதனுடைய உயரம் ஏழு, ஏழரைத் தலை. இந்த மாதிரிப் படத்தில் மூன்று தலை உயரத்துக்கு மேல் போனால் முகத்துக்கு இடம் போதாது. சின்ன உடம்பில் எதை வைப்பது, எதை விடுவது என்பது அடுத்த பிரச்சினை. தையல் மிஷின், கத்தரிக்கோல், துணிக்கட்டு, அயர்ன் பாக்ஸ் என்று அடுக்கினால் கடை விளம்பரமாகிவிடும். கையில் ஒரு சாக்குக்கட்டி மட்டும் கொடுத்தேன். அதைப் பிடித்திருக்கும் நடுவிரலில் பாதி கறுத்த நகம் தெரியும்படி வைத்தேன். பார்வையைப் படம் பார்ப்பவரின் முகத்துக்கு நேராக வைக்காமல் இரண்டு விரல்கடை கீழே, தோள்பட்டைக்கு இறக்கினேன். படத்துக்கு முன்னால் நிற்பவருக்குத் தன் சட்டையை யாரோ பார்ப்பதுபோல் இருக்கும்.

பல்லை விட்டுவிட்டேன். ஒன்றை விட்டுவிடுவதும் இந்தத் தொழிலில் ஒரு முடிவுதான். 1831இல் பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பின் தாடை கனத்த முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நீதிமன்றத்திலேயே வரைந்து காட்டினார். பிறகு சுவரில் யார் பேரிக்காய் வரைந்தாலும் அது ராஜாதான் என்றாகிவிட்டது. அதிகாரத்தில் இருப்பவனை அப்படி அடிக்கலாம். மகள் காசு கொடுத்து அப்பாவின் கடைச் சுவரில் மாட்டும் படத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர் தினமும் அதன் கீழே உட்கார்ந்து தைக்க வேண்டும். எது வலிக்கும் என்பது போட்டோவில் தெரியாது. நகத்துக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத்தான் தெரியும். ஒன்று அவர் உழைத்த கதை, இன்னொன்று அவருக்கு வயதான கதை.

படம் ஆளைப் பிடித்ததா என்று பார்க்க எனக்குச் சில வழக்கங்கள் உண்டு. படத்தை அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அப்போதும் ஆள் தெரிய வேண்டும். கண்ணாடியையும் மீசையையும் விரலால் மறைத்துப் பார்ப்பேன். மாட்டியதும் ஒட்டியதும் போன பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், நான் வரைந்தது வேஷம், முகம் அல்ல. முதல் வரைவு இந்தச் சோதனையில்தான் தோற்றிருக்கும், அன்று நான் செய்து பார்க்கவில்லை. கடைசியாக, படத்தைக் கேட்டவரிடம் காட்டாமல் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டச் சொல்வேன். மகளுக்கு ஏற்கனவே அப்பா மனதில் இருப்பதால் எதைக் காட்டினாலும் அப்பாவைத் தேடி எடுத்துவிடுவாள். அவள் அதைக் கடையில் காஜா எடுக்கும் பையனிடம் காட்டினாள். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றானாம்.

ஆல் ஹிர்ஷ்ஃபெல்டு என்று நியூயார்க்கில் ஒரு ஓவியர் இருந்தார். நாடக நடிகர்களைச் சில கோடுகளில் பிடித்துவிடுவார். 1945இல் மகள் நீனா பிறந்ததிலிருந்து, படத்தில் யாருடைய தலைமுடியிலோ சட்டை மடிப்பிலோ அவள் பெயரை ஒளித்து வைப்பார். எத்தனை இடத்தில் ஒளித்திருக்கிறார் என்று கையெழுத்துக்குப் பக்கத்தில் எண் போடுவார். வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடுவார்கள். இங்கே கேட்டவளே மகளாக இருந்ததால் அந்த ஆசை எனக்கும் வந்தது. அவர் கழுத்தில் தொங்கும் டேப்பில் எண்களை எழுதும்போது ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன ஈ வரைந்தேன்.

மணிவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பந்தலில் நாலு பேர் முன்னால் காகிதத்தைப் பிரித்தார்கள். டெய்லர் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்திலிருந்தவரின் தோளைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், அப்படியே கீழே இறங்கினார்.

"பட்டி மாறியிருக்கே சார்" என்றார்.

சட்டை மடிப்புக்காக என் சட்டையையே போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வரைந்திருந்தேன். பையை மட்டும் ஞாபகமாக இடது பக்கம் மாற்றிப் போட்டவன், பட்டனை மறந்துவிட்டேன். ஆண்கள் சட்டையில் இடது பட்டிதான் மேலே வரும், அதில்தான் காஜா. படத்தில் வலது பட்டி மேலே இருந்தது.

"இது பொம்பளையாளு சட்டை" என்றார், வாயின் இடது ஓரத்தால். அப்புறம் மகளைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு ஈ ஒண்ணும் இல்லையே பாப்பா" என்றார்.

படத்தைத் திருப்பி வாங்கிவந்து பட்டியை மாற்றி, பத்து நாளில் அனுப்பி வைத்தேன். டேப்பில் இருந்த ஈயை அப்படியே விட்டுவிட்டேன்.